பெருநாள் வெள்ளையடிப்பு: எத்தனை வீடுகளுக்கு வாக்களிக்கலாம்?

நோன்பு மாதம் பிறந்து நான்கைந்து நாட்கள் கழியுமுன்னரே, கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களில் வெள்ளையடிப்போரைத் தேடும் படலம் தொடங்கிவிடும். அவ்வேளையில் கடைச் சுவர்களிலும் கைத்தொலைபேசிகளிலும் வலம் வரும் அறிவித்தல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாகவே இருக்கும். ‘பெருநாளை முன்னிட்டு வீடு சுத்தம் செய்து வெள்ளையடித்துத் தரப்படும். சில இடங்களே எஞ்சியுள்ளன. முந்திக்கொள்ளுங்கள்!’ என்பது அவற்றின் சாரம்.

‘சில’ என்பது எத்தனை? இரண்டா, பன்னிரண்டா? அச்சொல்லை எழுதியவருக்கே பல வேளைகளில் அது தெரியாது என்பதே உண்மை. தெரியாமல் எழுதுவதால் இருவகைத் தீங்கு விளைகின்றது. வேலை ஒன்றும் கைக்கு வராத நிலையில் ‘சில’ என்று எழுதினால் அது வீட்டாரை வீணே அவசரப்படுத்துவதாகும். வந்த வேலைகளையெல்லாம் ஏற்றுக்கொண்டு மேலும் ‘சில’ என்று எழுதினாலோ, பெருநாளுக்கு முதல் நாள் ஏதோ ஒரு வீட்டின் கட்டிலும் அலுமாரியும் முற்றத்தில் கிடக்க, உள்ளே சுவர் பாதி வெள்ளையும் பாதி அழுக்குமாக நிற்கும். பின்னையதே பெருந்தீங்கு. அவ்வீட்டார் அந்நேரத்தில் வேறு ஆளைத் தேடிப் பிடிக்கவும் இயலாது.

ஆதலின் இவ்வாரம், இத்தகைய தொழில் செய்யும் ஒரு சிறு குழுவினர் தம்மால் எத்தனை வீடுகளை முடிக்க இயலும் என்பதைக் கணக்கிடுவது எப்படி, அக்கணக்கை ஒளிவுமறைவின்றி அறிவித்தலில் எழுதுவது எப்படி என்பதைப் பார்ப்போம். வேலை கொடுக்கும் குடும்பத்தாருக்கும் இக்கணக்குப் பயன்படும். மாணவர்களுக்கு இது நல்லதொரு பயிற்சிக் கணக்கு.

ஒரு வீட்டிற்கு எத்தனை நாள்?

எல்லாக் கணக்கிற்கும் அடிப்படை சுண்ணாம்பின் இயல்பு. அதனை அவசரப்படுத்த இயலாது.

சுட்ட சுண்ணாம்புக் கல்லை முதல் நாளே நீரில் இட்டு நீற்றி, மறுநாள் துணியில் வடித்து, பால்போல் இளக்கமாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். பூசுவதற்கு முன் சுவரை நீர் தெளித்து நனைக்க வேண்டும். உலர்ந்த சுவர் சுண்ணாம்பிலுள்ள நீரை உடனே உறிஞ்சிவிட்டால், பூச்சு பிடிப்பின்றித் தூளாகிக் கையோடு வரும். நனைந்த சுவரில் பூசிய சுண்ணாம்பு முதலில் சாம்பல் நிறமாய், உள்ளிருக்கும் அழுக்குத் தெரியும்படியாகவே இருக்கும். அது உலர உலரத்தான் வெண்மை ஏறும். இதனை அறியாத வீட்டார், ‘வெள்ளை போதவில்லை, இன்னும் தடிப்பாகப் பூசுங்கள்’ என்பர். தடிப்பாகப் பூசியது வெடித்து உதிரும். மெல்லியதாய் ஒரு பூச்சு, மறுநாள் மெல்லியதாய் இன்னொரு பூச்சு என்பதே முறை.

மூன்று அறைகளும் ஒரு கூடமும் அடுப்படியும் உள்ள நடுத்தர வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் பொருள்களை நகர்த்தி, ஒட்டடை தட்டி, பழைய பூச்சில் உதிர்வதைச் சுரண்டி, வெடிப்புகளை அடைக்க வேண்டும். இரண்டாம் நாள் முதற் பூச்சு. மூன்றாம் நாள் இரண்டாம் பூச்சு. நான்காம் நாள் தரையிலும் கதவு சன்னல்களிலும் சிந்தியதைக் கழுவித் துடைத்து, பொருள்களை அவற்றின் இடத்தில் வைத்தல்.

இருவர் கொண்ட ஒரு சோடி ஆட்களுக்கு இது நான்கு அரைநாள் வேலை. அரைநாள் என்று கொள்வதற்குக் காரணம் உண்டு. வேலையாட்களும் நோன்பாளிகளே. தூசியிலும் சுண்ணாம்பிலும் நீர் அருந்தாது நிற்பவரைக் காலை ஏழரை மணி தொடங்கி லுஹர் தொழுகை வேளை வரை வேலை வாங்கலாம். மாலை வரை வாங்குவோம் என்று கணக்கிடுபவர் முதற் கிழமையிலேயே கணக்குப் பிழைத்துப் போவார். பிற்பகலில் ஆட்கள் இளைப்பாறுகையில் பூச்சு உலர்ந்துகொண்டிருக்கும். எனவே அந்நேரமும் வீணாவதில்லை.

நாட்களை எண்ணும் முறை

இனி நாட்கள். நடந்து முடிந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டால் கணக்குத் தெளிவாக விளங்கும். 2025ஆம் ஆண்டு இலங்கையில் நோன்பு மார்ச் 2ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. அப்படியாயின் 29ஆம் நோன்பு மார்ச் 30. அன்று மாலை பிறை தென்பட்டால் 31ஆம் திகதி பெருநாள். தென்படாவிட்டால் ஏப்ரல் 1ஆம் திகதி பெருநாள். இவ்விரண்டில் எது என்பதை 30ஆம் திகதி இரவுக்கு முன்னர் எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது.

வெள்ளையடிப்போர் பலர் இங்கேதான் இடறுகின்றனர். ‘முப்பது நோன்பும் பூர்த்தியாகும்’ என்று மனத்தில் கொண்டு, அந்த மேலதிக ஒரு நாளையும் எவருக்காவது வாக்களித்துவிடுகின்றனர். பிறை முந்திவிட்டால் அந்த வீடு அகப்பட்டுக்கொள்கின்றது. 2025இல் உண்மையாகவே 31ஆம் திகதியே பெருநாளாயிற்று. ஆகவே விதி இதுதான்: முந்திய நாளையே பெருநாள் என்று கொண்டு பின்னோக்கி எண்ண வேண்டும்.

ஒரு குழுவில் இரண்டு சோடி, அதாவது நால்வர் இருப்பதாகக் கொள்வோம். அவர்கள் மார்ச் 10ஆம் திகதி வேலையைத் தொடங்குகின்றனர். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ உண்டு. அந்நாட்களில் பூச்சு வேலை இல்லை. சுண்ணாம்பு வாங்குவதும் ஏணி, வாளி, மட்டைகளைப் பழுதுபார்ப்பதும் அன்றைய வேலை. இப்போது சுற்றுகளைப் பிரிப்போம்.

முதலாம் சுற்று மார்ச் 10, 11, 12, 13. இரண்டாம் சுற்று 15, 16, 17, 18. மூன்றாம் சுற்று 19, 20, 22, 23. நான்காம் சுற்று 24, 25, 26, 27. மூன்றாம் சுற்றின் நடுவில் 21ஆம் திகதி வெள்ளிக்கிழமை வருகின்றது. அதனால் இழப்பில்லை. 20ஆம் திகதி இட்ட முதற் பூச்சு நன்றாக உலர அது ஒரு நாள் கூடுதலாகத் தருகின்றது.

ஆக, நான்கு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் சோடிக்கு ஒரு வீடாக இரண்டு வீடுகள். மொத்தம் எட்டு.

28, 29, 30ஆம் திகதிகள் எஞ்சி நிற்கின்றனவே, அவற்றில் இன்னுமொரு வீட்டைப் புகுத்தலாகாதா என்று கேட்கத் தோன்றும். புகுத்தலாகாது. ஒருவருக்குக் காய்ச்சல் வரலாம். தண்ணீர் தடைப்படலாம். எதிர்பாராத மழை பெய்யலாம். பழைய பூச்சைச் சுரண்டிய இடத்தில் சாந்து பெயர்ந்து விழலாம். எட்டு வீடுகளில் ஏதாவதொன்றில் இவற்றுள் ஒன்று நேரும் என்று எதிர்பார்ப்பதே அறிவுடைமை. அந்த மூன்று நாட்களும் விற்பனைக்குரியனவல்ல. முன்னர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்குரியவை.

எந்தச் சுற்றில் இடம் என்பதையும் சொல்ல வேண்டும்

எட்டு என்று கண்டாயிற்று. மார்ச் 5ஆம் திகதி இரவுக்குள் ஐந்து வீட்டார் பதிவு செய்துவிட்டதாகக் கொள்வோம். மிகுதி மூன்று. ‘மூன்று இடங்கள் உள்ளன’ என்று எழுதினால் அது பொய்யன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று.

ஏனெனில் யாவரும் கேட்பது கடைசிச் சுற்றையே. இருபத்தேழாம் நோன்பை ஒட்டி வெள்ளையடித்தால் பெருநாளன்று சுவர் பளிச்சென்றிருக்கும், பிள்ளைகள் அழுக்காக்கியிருக்கமாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே நான்காம் சுற்றும் மூன்றாம் சுற்றும் முதலில் நிரம்பிவிடும். மிகுதியாயுள்ள மூன்றும் முதலாம் இரண்டாம் சுற்றுகளில் இருப்பவையே. இதனைச் சொல்லாது விட்டால், வீட்டார் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டு வந்து ஏமாறுவர். வாதம் வளரும்.

முந்திய சுற்று தாழ்ந்ததுமன்று. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும் பொருள். அதற்கு நாட்கள் செல்லும். பதினைந்து நாட்களுக்கு முன் அடித்த சுவர், மூன்று நாட்களுக்கு முன் அடித்ததைவிடக் கையில் ஒட்டாது உறுதியாயிருக்கும். பெருநாள் புத்தாடையோடு சுவரில் சாயும் பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு இது பெரிய நன்மை. இந்த உண்மையை அறிவித்தலிலேயே ஒரு வரியாக எழுதிவிட்டால், வெறுமையாயுள்ள சுற்றும் நிரம்பும்.

கேட்பவருக்கு வாயால் சொல்லும் விடையும் இப்படியே திட்டமாய் இருத்தல் வேண்டும். ‘பெருநாளைக்கு முந்தி முடிச்சுத் தருவீங்களா மகன்?’ என்று ஒரு தாய் கேட்கிறார். ‘ஓம் உம்மா, இன்ஷா அல்லாஹ் வருவம், யோசிக்காதீங்க’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. இறைவன் நாடினால் என்ற அந்தப் புனிதச் சொல் ஒரு திகதியோடு சேர்ந்து வரும்போதே வாக்காகின்றது. திகதியின்றி வரும்போது அது நழுவுவதற்கு வழியாகிவிடுகின்றது. ‘உம்மா, கடைசிச் சுற்று நிரம்பிட்டு. பத்தாந் திகதி தொடங்குற சுற்றுல ரெண்டு வீட்டுக்கு இடமிருக்கு. வேணுமெண்டா இப்பவே எழுதிக்கொள்றன், இன்ஷா அல்லாஹ்’ என்பது நேர்மையான விடை. அந்தத் தாய் வேண்டாமென்றால், வேறு ஆளைத் தேட அவருக்கு இன்னும் மூன்று கிழமை உண்டு.

எந்தச் சுவருக்கு வாக்களிப்பது?

நாட்கணக்குச் சரியாயிருந்தும் வேலை தவறுவதற்கு இன்னொரு வழி உண்டு. அது சுவரைப் பாராமல் ஏற்றுக்கொள்வது.

சுண்ணாம்பு, சுண்ணாம்புச் சுவரிலும் பூச்சு மூடாத சீமெந்துச் சுவரிலுமே பிடிக்கும். எமல்ஷன் போன்ற நவீன வண்ணப்பூச்சு அடித்த சுவரில் அது உறிஞ்சப்படாது மேலே படிந்து, சில நாட்களில் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். சுவர் எத்தகையது என்றறிய ஒரு துளி நீர் போதும். நீரைத் தெளித்துப் பார்த்தால் சுண்ணாம்புச் சுவர் அதனை உடனே குடித்துவிடும். வண்ணப்பூச்சுச் சுவரில் அது முத்துப்போல் நின்று வழியும். அத்தகைய வீட்டை வெள்ளையடிப்பு என்ற கணக்கில் ஏற்கலாகாது. அதற்குப் பொருளும் விலையும் நாட்கணக்கும் வேறு.

நமது கரையோரத்திற்கே உரிய இடர் மற்றொன்று, உப்பு. கடற்காற்றாலும், நிலத்தடியிலிருந்து ஏறும் ஈரத்தாலும் சுவரின் அடிப்பகுதியில் இரண்டு மூன்று அடி உயரத்திற்கு வெண்பஞ்சுபோல் உப்புப் பூத்திருக்கும். அதனைக் கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே செல்லும். உலர்ந்த தும்புத் தூரிகையால் துடைத்து, விழும் தூளை வாரி வெளியே கொட்ட வேண்டும். அப்படிச் செய்தும் ஈரம் ஏறிக்கொண்டேயிருந்தால் உப்பு மறுபடியும் பூச்சைத் தள்ளிவிடும். வெள்ளையடிப்பவரால் இதனைத் தீர்க்க இயலாது. ஆகவே ‘உப்புப் பூத்த பகுதிக்கு உறுதி கூறமாட்டோம்’ என்பதை முன்னரே எழுதிவிட வேண்டும்.

அறிவித்தலின் வடிவம்

இவ்வளவையும் உள்ளடக்கி, அந்த 2025ஆம் ஆண்டுக் கணக்கிற்கு ஓர் அறிவித்தல் எழுதினால் அது பின்வருமாறு அமையும்:

‘நோன்புப் பெருநாள் வீட்டுச் சுத்தமும் வெள்ளையடிப்பும். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மட்டும்.

மார்ச் 10 முதல் 27 வரை மொத்தம் 8 வீடுகளை ஏற்போம். மார்ச் 5 இரவு 9 மணி வரை 5 வீடுகள் பதிவாகிவிட்டன. மீதி 3.

மார்ச் 10 – 13: இரண்டு இடங்கள் உண்டு. மார்ச் 15 – 18: ஓர் இடம் உண்டு. மார்ச் 19 – 23: இல்லை. மார்ச் 24 – 27: இல்லை.

முந்திய சுற்றில் அடிக்கும் சுண்ணாம்பு பெருநாளுக்குள் நன்கு இறுகிவிடும். கையில் ஒட்டாது.

ஓர் இடம் என்பது மூன்று அறைகளும் கூடமும் அடுப்படியும் உள்ள வீட்டிற்கு, இரண்டு பூச்சுக்கும் கழுவித் துடைப்பதற்கும் உரியது. நோன்பு காலமாதலின் காலை 7.30 முதல் 12.30 வரையே வேலை. சுவரைப் பார்த்த பின்னரே விலை சொல்வோம். எமல்ஷன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதில்லை. உப்புப் பூத்த பகுதிக்கு உறுதி இல்லை.

குறித்த நாளில் நாம் வரத் தவறினால் முற்பணம் முழுவதையும் அன்றே திருப்பித் தருவோம்.

காத்திருப்போர் பட்டியலில் இருவரை மட்டும் எழுதிக்கொள்வோம். மார்ச் 29இல் எமக்கு நாள் மீந்தால் அவர்களுக்குச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் செய்து தருவோம். வெள்ளையடிப்பு இல்லை. மீறுமா என்பதை 27ஆம் திகதி இரவு அறிவிப்போம்.’

இதில் இரண்டு வரிகளைச் சற்று விளக்குதல் நன்று. ‘மார்ச் 5 இரவு 9 மணி வரை’ என்பது சிறு குறிப்பாகத் தோன்றினும் மிக வேண்டியது. கைத்தொலைபேசியில் கைமாறிக் கைமாறிச் செல்லும் அறிவித்தல், இடமெல்லாம் நிரம்பிய பின்னரும் பத்து நாட்களுக்கு ஊரில் உலவிக்கொண்டிருக்கும். நேரக் குறிப்பு இருந்தால் படிப்பவர் அதன் பழமையை உணர்ந்து கேட்டறிவார். பதிவு ஒன்று கூடியதும் புதிய எண்ணிக்கையோடு அறிவித்தலை மீண்டும் அனுப்ப வேண்டும். கடைச் சுவரில் ஒட்டியதாயின் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதவேண்டும்.

மற்றொன்று காத்திருப்போர் பட்டியல். சுத்தம் செய்யும் வேலை மட்டுமாயின், அது ஒரு சோடிக்கு ஓர் அரைநாளில் முடியும். எனவே 29ஆம் திகதி மீந்தால் இரண்டு சோடிகளும் ஆளுக்கொரு வீடாக இரண்டு வீடுகளை முடிக்கலாம். இதனாலேயே பட்டியலில் இருவர். பத்துப் பேரை எழுதி வைத்தால் எட்டுப் பேருக்குப் பொய்யான நம்பிக்கை கொடுத்ததாகும். இன்னொன்றையும் மறக்கலாகாது. சுத்தத்திற்கும் வெள்ளையடிப்பிற்கும் வருபவர்கள் அதே நால்வரே. இடையில் ஒருவர் நான்கு சுத்த வேலைகளை ஏற்றால் ஒரு வெள்ளையடிப்பு இடம் கணக்கிலிருந்து கழியும். இரண்டையும் தனித்தனி ஏட்டில் எழுதுவோர் இதில் தவறுவர். ஒரே ஏட்டில், திகதிக்கொரு வரியாக எழுதுவதே காப்பு.

மழைக்கால நோன்பு

எட்டு என்பது எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்தும் எண்ணன்று. பிறைக் கணக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாட்கள் முன்னே நகர்வது நாமறிந்ததே. மார்ச் மாதத்தில் வந்த நோன்பு இவ்வாறு நகர்ந்து, 2030ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் இன்னொருமுறையுமாக ஒரே ஆண்டில் இருமுறை தொடங்கும். நமது கரைக்கு அது வடகீழ்ப் பருவமழைக் காலம். சுவரும் ஈரம், காற்றும் ஈரம். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் கூடுதலாக உலர விடவேண்டும். அப்போது ஒரு வீட்டிற்கு நான்கல்ல, ஆறு நாட்கள் செல்லும்.

அதே பதினாறு வேலைநாட்கள் கிடைத்தாலும், ஆறு ஆறாகப் பிரித்தால் ஒரு சோடிக்கு இரண்டு வீடுகள். நால்வருக்கு நான்கு வீடுகள். எட்டு நான்காகிவிடுகின்றது! சென்ற ஆண்டு எட்டு முடித்தோமே என்று அந்த ஆண்டும் எட்டுக்கு முற்பணம் வாங்குபவர், எஞ்சிய நான்கு வீட்டாருக்கும் முகம் காட்ட இயலாது. சோடிக்கு நான்கு நாட்கள் மீறுமே, அவற்றைச் சுத்தம் செய்யும் வேலைக்குக் கொடுக்கலாம். ஆனால் அறிவித்தலில் அவ்வாறே பிரித்து எழுத வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். அறிவித்தலைப் படித்ததும் விலையைக் கேட்பதற்கு முன், ‘மொத்தம் எத்தனை வீடுகள் ஏற்கிறீர்கள்? எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்? எங்கள் வீட்டிற்கு எந்தத் திகதிகள்?’ என்ற மூன்றையும் கேளுங்கள். விடைகளை மேலே கண்டவாறு பெருக்கியும் வகுத்தும் பாருங்கள். நால்வர் சேர்ந்து பதினைந்து வீடுகளை ஏற்றிருந்தால், உங்கள் வீடு அந்தப் பதினைந்தில் எத்தனையாவது என்பதைப் பொறுத்தே உங்கள் பெருநாள் அமையும். சுண்ணாம்பு கரைத்து வைத்திருக்கும் வாளியருகே குழந்தைகளை விடாதீர்கள். துளி கண்ணில் பட்டால் காலந்தாழ்த்தாது நிறைந்த நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு: மூன்று சோடி ஆட்கள், பதினெட்டு வேலைநாட்கள், மழைக்காலம். எத்தனை வீடுகளுக்கு வாக்களிக்கலாம்? விடையைக் கண்டபின், அதிலிருந்து ஒரு நாளேனும் இடருக்கென ஒதுக்கினீர்களா என்று பாருங்கள். ஒதுக்கவில்லையாயின் மறுபடியும் கணக்கிடுங்கள்.